தாளிக்கும்போது இடது கை

மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது.

மூன்று கட்டளைகளையும் பதிப்பாசிரியை சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். சிரித்தாலும் கட்டளை கட்டளைதானே! புத்தக நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில், தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மொழிபெயர்ப்பாளரான அவள் உட்கார்ந்திருந்தாள். மற்றதில் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. சமையல் குறிப்புகளை எழுதியது நாத்தனார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியது அவள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், அடுப்புக்கு முன்னால், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கடுகைச் சாப்பிட்டிருக்கிறாரே தவிர, பொரித்துப் பார்த்ததில்லை. அதற்காகவேதான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"படிக்கிறவங்க வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பின்னால நின்னு சொல்லிக் கொடுக்கப் போறதில்லை" என்றாள் பதிப்பாசிரியை ஆங்கிலத்தில். "காகிதம் மட்டும்தான் பேசணும். மூணு குறிப்பு சமைப்பார். ரெண்டு தேறினா புத்தகம் அச்சுக்குப் போகும். தேறலைன்னா அந்த இடம் வரிசையில இருக்கிற வேற புத்தகத்துக்குப் போயிடும். நீங்க பேசினா அந்தக் குறிப்பு தோல்வி. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். நாத்தனாருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் 'தோல்வி' எந்த மொழியில் சொன்னாலும் புரிந்துவிடும் போலிருக்கிறது. தம்பி மனைவியின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் புத்தகத்துக்கு நிறுவனம் முதலில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைத்தான் சொன்னது. நாத்தனார் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "என் வீட்டுப் பொண்ணு இருக்கா. வாஷிங் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் புத்தகம் போடுறவ. அவ எழுதினா கல்லுகூட சமைக்கும்."

உண்மைதான். பதினாறு வருஷமாக அவள் செய்வது அந்த வேலைதான். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே கிடக்கும், யாரும் படிக்காத அந்தச் சிறு புத்தகங்களை மொழிபெயர்ப்பது. 'மூடியை வலப்பக்கமாகத் திருகவும்', 'ஈரக் கையால் தொடாதீர்கள்.' அதனால் நாத்தனார் அவளுக்கு வைத்த பெயரே 'கையேடு'. அவளும் விட்டுக்கொடுக்காமல், "என் கையேட்டைப் படிச்சு இதுவரைக்கும் ஒருத்தரும் கையைச் சுட்டுக்கிட்டதில்லைக்கா" என்பாள்.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது பரீட்சை.

நாத்தனாருடைய தமிழ்க் குறிப்புகள் தந்தி மாதிரி இருக்கும். 'வெங்காயம் வதக்கி, பொடி போட்டுப் பிரட்டி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தாளித்துக் கொட்டவும்.' முடிந்தது கதை. தமிழ் தெரிந்தவருக்கு இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ஆங்கிலத்திலோ, ஒவ்வொரு வினைச்சொல்லையும் உடைத்தால் உள்ளேயிருந்து ஒரு குடும்பமே இறங்கி வந்தது.

நான்கு மாதம் நாத்தனார் வீட்டு அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு அவள் எழுதினாள். வறுப்பது என்றால் எண்ணெய் உண்டா, இல்லையா? வதக்குவதற்கும் பொரிப்பதற்கும் எண்ணெய் அளவில் என்ன வித்தியாசம்? வதங்கிய வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகணுமா, சிவக்கணுமா?

"சிவந்தா அது வதக்கல் இல்லைடி, வறுவல்."

"எத்தனை நிமிஷம்?"

"வாசம் வர்ற வரைக்கும்."

"வாசம் அளவு இல்லைன்னு அந்தப் பதிப்பகத்து அம்மா சிவப்பு மையில எழுதி அனுப்பியிருக்காக்கா."

"அப்போ அவளை மூக்கைத் துடைச்சுட்டு வரச் சொல்லு."

இப்படி நாற்பத்திரண்டு குறிப்புகள். அவற்றில் முப்பத்தொன்றில் கடைசி வரி 'தாளித்துக் கொட்டவும்'. அந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் அவள் ஆங்கிலத்தில் பதினோரு வரி எழுதியிருந்தாள். பதினோரு வரியையும் எல்லாக் குறிப்பிலும் அப்படியே ஒட்டியிருந்தாள். அவள் எழுதியதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான்.

முதல் குறிப்பு, பொடி. பருப்பையும் மிளகாயையும் எண்ணெய் இல்லாமல் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து அரைப்பது. பல் டாக்டர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார், படித்தபின் செய்தார், செய்தபின் பென்சிலால் ஒரு கோடு போட்டார். 'முற்றிலும் ஆறிய பின்' என்று அவள் எழுதியிருந்ததற்காகக் கிண்ணத்தை விரலால் மூன்று முறை தொட்டுப் பார்த்தார். பதிப்பாசிரியை நுனி விரலில் தொட்டு நாக்கில் வைத்து, தாளில் சரி போட்டாள்.

நாத்தனார் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பாராட்டு.

இரண்டாவது, வதக்கிய காய். அதில் சனி வந்து உட்கார்ந்தது. 'மிதமான தீயில் எட்டு நிமிடம்' என்று எழுதியிருந்தாள். நாத்தனார் வீட்டுச் சின்ன அடுப்பின் மிதமும், இந்தச் சோதனைச் சமையலறையின் பெரிய அடுப்பின் மிதமும் ஒன்றா என்ன? நாலாவது நிமிடமே வெங்காயம் ஓரம் கறுத்தது. டாக்டருக்கு அது தெரிந்தது. ஆனாலும் காகிதத்தில் எட்டு என்று இருந்ததால் எட்டு நிமிடமும் நேர்மையாகக் காத்திருந்தார். நாத்தனாரின் மூச்சு, ஒழுகும் குழாய் போல இடைவிட்டு இடைவிட்டு வந்தது. கருகல் நாற்றம் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தது. அதற்கு மட்டும் தடையில்லை.

பதிப்பாசிரியை பெருக்கல் குறி போட்டாள்.

ஆக, ஒன்று தேறிவிட்டது, ஒன்று விழுந்துவிட்டது. இனி எல்லாம் மூன்றாவதில். மூன்றாவது, பருப்பு. கடைசியில் தாளிப்பு.

பருப்பு நன்றாகவே வெந்தது, மசிந்தது. மஞ்சளும் உப்பும் அளவாக விழுந்தன. அவள் மனசுக்குள் வரிகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வெளியே காத்திருக்கும் அம்மா மாதிரி.

"சிறிய வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்குங்கள்" என்று டாக்டர் படித்தார். "ஒரே ஒரு கடுகைப் போடுங்கள். அது உடனே மேலே வந்து வெடித்தால் சூடு சரி."

ஒரு கடுகைப் போட்டார். டப். டாக்டர் குழந்தை போலச் சிரித்தார். மீதிக் கடுகு இறங்கியது. படபடவென்று பொரிந்தது. 'சத்தம் அடங்கத் தொடங்கியதும் உளுத்தம்பருப்பு.' போட்டார். எல்லாம் சரி. எல்லாம் கச்சிதம்.

"நிறத்தைக் கூர்ந்து கவனியுங்கள். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே சில விநாடிகளே உண்டு."

டாக்டர் கவனித்தார். எப்படி? நாற்பது வருஷமாகப் பிறர் வாய்க்குள் குனிந்து பார்த்த மனிதர் அல்லவா! இடுப்பை வளைத்து, முகத்தை வாணலிக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் வைத்துக் கவனித்தார்.

'கூர்ந்து' என்று எழுதியவள் அவள்தான்.

உடைத்த மிளகாய் போட்டார். ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டார். அடுத்த வரியைப் படித்தார்: "கறிவேப்பிலையைச் சேருங்கள்." அப்புறம் மேலே, பொருள் பட்டியலைப் பார்த்தார். 'கறிவேப்பிலை, ஒரு கொத்து, கழுவியது.'

"ஓ" என்றார். "இன்னும் கழுவவில்லையே!"

அடுப்பை அப்படியே எரியவிட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார். இலையை உருவி, ஒவ்வொன்றாக, பொறுப்பாக, இரண்டு பக்கமும் கழுவினார். வாணலியில் எண்ணெய் மேலும் மேலும் காய்ந்தது. மெலிதாகப் புகை கிளம்பியது. டாக்டர் திரும்பி வந்தார். உள்ளங்கை நிறைய இலை. இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் ஏதோ அசைந்தது.

நாத்தனாரின் இடது கை. மடியில் கிடந்த கை தானாக எழுந்து, விரல்களை விரித்து, காற்றில் வட்டமான எதையோ பிடித்து, சாய்த்து, முகத்துக்கு முன்னால் கேடயம்போல் நின்றது. நாத்தனாரின் கண் வாணலியில் இருந்தது. தன் கை எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

மூடி!

நான்கு மாதமாக அவள் நாத்தனாரின் வலது பக்கம் உட்கார்ந்து, வலது கை என்ன செய்கிறதென்று விநாடி விநாடியாக எழுதியிருந்தாள். கடுகு போட்டது வலது கை. பருப்பு போட்டது வலது கை. ஆனால் இலையைப் போடும் முன் வாணலியைத் தீயிலிருந்து நகர்த்தியது எந்தக் கை? ஈர இலையைப் புடவைத் தலைப்பில் ஒற்றியது எது? இலை விழுந்த மறுகணம் மூடியைச் சாய்த்துப் பிடித்தது எது? பதினோரு வரியில் அந்தக் கைக்கு ஒரு வரி இல்லை. தமிழில் அதை யாரும் எழுதுவதில்லை. தாளிப்பவர்கள் யாரும் அதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை.

டாக்டர் வாணலியின் மேல் குனிந்தார். கூர்ந்து.

பேசினால் தோல்வி. இன்னும் ஒரு சரி கிடைத்தால் புத்தகம். முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நின்ற நாத்தனாரின் கைமணம், நாற்பத்திரண்டு குறிப்பு, கல்லும் சமைக்கும் என்ற நம்பிக்கை. இத்தனையும் மூன்று விநாடிக்குள் அவள் தலைக்குள் ஓடிப் போயின. ஒருவேளை ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். கண்ணாடி போட்டிருக்கிறார். நாலு சொட்டுத் தெறித்தால் என்ன…

"நில்லுங்க!"

எந்த மொழியில் கத்தினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. தமிழில்தான் கத்தியிருக்கிறாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அலறல் தெரியும். திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் கையிலிருந்த இலையும் நழுவி வாணலிக்குள் விழுந்தது.

சடசடசட! எண்ணெய் புகைபோக்கி வரை சீறி எழுந்தது. அதற்குள் அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டி, மேடையில் கிடந்த பருப்புச் சட்டியின் மூடியை எடுத்து வாணலியின் மேல் கவிழ்த்து, மறு கையால் அடுப்பை அணைத்துவிட்டாள். மூடிக்குள்ளே தகரக் கூரையில் மழை பெய்வது போல் ஒரு சத்தம் எழுந்து, மெல்ல அடங்கியது.

டாக்டரின் முகம் இருந்த இடத்துக்கு நேர் மேலே, புகைபோக்கியின் வெள்ளைத் தகட்டில், எண்ணெய்ப் புள்ளிகள் வழிந்துகொண்டிருந்தன. டாக்டர் அவற்றை அண்ணாந்து பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

அவள் மணிக்கட்டில் கடுகளவு ஒரு கொப்புளம்.

பதிப்பாசிரியை தாளையும் பார்த்தாள், கோட்டையும் பார்த்தாள். "மன்னிக்கணும்" என்று சொல்லி, பெருக்கல் குறி போட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர். "அந்தத் தாளில என் பேச்சையும் எழுதிக்கங்க. அவங்க பேசாம இருந்திருந்தா நான் முடிச்சிருப்பேன். தாளிப்பு கொஞ்சம் கருகினாலும் பருப்பு தேறியிருக்கும். நான் மட்டும் ஆஸ்பத்திரியில இருந்திருப்பேன். அதுக்குப் பேர் வெற்றியா?"

"இல்லை" என்றாள் பதிப்பாசிரியை. சற்று யோசித்தாள். "ஆனா இதே பத்தி முப்பத்தொரு குறிப்புல இருக்கு. அதை இப்படியே அச்சடிக்க முடியாது." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "திங்கட்கிழமை. தாளிப்பு மட்டும். இதே டாக்டர், இதே கோடு. அன்னைக்கும் பேசினீங்கன்னா, புத்தகப் பேச்சே இனி இல்லை."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் நாத்தனார் நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் காத்திருந்தாள். திட்டு வரும். வரட்டும். வாங்கிக்கொள்ளலாம்.

"அக்கா, என் தப்புதான்."

"ஆமா."

"மூடி பிடிக்கிறதை எழுதாம விட்டுட்டேன்."

நாத்தனார் திரும்பினாள். "எந்த மூடி?"

"நீங்க பிடிப்பீங்களே, கறிவேப்பிலை போடும்போது."

"நானா? நான் எதுக்குடி மூடி பிடிக்கணும்? முப்பது வருஷமா தாளிக்கிறேன், எண்ணெய்க்குப் பயந்தவளா நான்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல், "வா, காட்டுறேன்" என்று வாணலியை அடுப்பில் ஏற்றினாள். இந்த முறை அவள் முக்காலியை இடது பக்கம் போட்டாள். கடுகு வெடித்தது, பருப்பு சிவந்தது, மிளகாய் விழுந்தது. நாத்தனாரின் வாய், "எங்கே மூடி, எங்கேங்கிறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இடது கை வாணலியின் காதைப் பிடித்துத் தீயிலிருந்து நகர்த்தியது. தலைப்பின் நுனியில் இலையை ஒற்றியது. மேடையிலிருந்த மூடியை எடுத்து, சாய்த்து…

நாத்தனார் தன் இடது கையை, வாசலில் நிற்கும் அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அடப்பாவி" என்றாள் கையைப் பார்த்து. "நீ இவ்வளவு நாளா இந்த வேலையா பண்ணிட்டிருக்கே?"

மூன்று நாள். அவள் வலது கையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இடது கையை மட்டும் எழுதினாள். எல்லாப் பொருளையும் முன்கூட்டியே, போடும் வரிசையில் அடுப்பருகே வையுங்கள். இலையைக் கழுவித் துணியில் ஈரம் போக ஒற்றி வையுங்கள். ஒரு மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நிமிர்ந்து நின்றே நிறத்தைக் கவனியுங்கள். இலை போடும் முன் தீயை அணைத்து வாணலியை நகர்த்துங்கள். பதினோரு வரி பதினேழாயிற்று. அதை முப்பத்தொரு இடத்திலும் மாற்றினாள். 'மிதமான தீ' வந்த இடங்களிலெல்லாம், நிமிடத்துக்கு முன்னால் வெங்காயத்தின் நிறத்தை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்து தாளை நாத்தனாரிடம் படித்துக் காட்டினாள். "இடது கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இலையைப் போடுங்கள்."

"அடியே கையேடு" என்றாள் நாத்தனார். "அந்த டாக்டர் பென்சிலை எந்தக் கையில பிடிச்சாரு?"

இடது கை. அவர் இடது கைக்காரர். இந்த வரியைப் படித்தால், வராத கையால் கொதிக்கும் எண்ணெயோடு மல்லுக்கு நிற்பார். காகிதம் சொன்னால் கிணற்றில்கூடக் குதிக்கிற மனிதர்! ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு முப்பத்தொரு இடத்திலும் மறுபடி மாற்றினாள்: "ஒரு கையில் மூடி. இன்னொரு கையில் இலை."

திங்கட்கிழமை. அதே நாற்காலி, அதே கோடு. டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவைத்தார். இலையைத் துணியில் ஒற்றினார். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் கைக்குட்டையைப் பந்தாகச் சுருட்டிப் பல்லுக்கு நடுவே வைத்திருந்தாள்.

கடுகு. பருப்பு. டாக்டர் நிமிர்ந்தே நின்றார். மிளகாய். பெருங்காயம். தீயை அணைத்தார். வாணலியை நகர்த்தினார்.

அப்புறம் நின்றுவிட்டார்.

தாளைப் பார்த்தார். மறுபடி படித்தார். எந்த வரி? என்ன விட்டுப்போயிற்று? எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு விநாடி போனால் இலை பொரியாது, பச்சையாக மிதக்கும். நாத்தனாரின் கைக்குட்டை பாதிக்கு மேல் வாய்க்குள் போய்விட்டது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார். அவ்வளவுதான் விஷயம். வலது கையில் மூடியை எடுத்துச் சாய்த்தார். இடது கையால் இலையைப் போட்டார்.

மூடிக்குள் மழை பெய்தது. நின்றது.

"பருப்பின் மேல் கொட்டி, உடனே மூடிவையுங்கள்" என்று கடைசி வரியைப் படித்துக் கொட்டினார். சொய்ங் என்ற சத்தத்தோடு அந்த வாசம் எழுந்து வந்து மஞ்சள் கோட்டைத் தாண்டியது. பதிப்பாசிரியை தன்னையறியாமல் மூக்கை உறிஞ்சினாள். ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தாள். ரொம்ப நேரம் சுவைத்தாள். பிறகு தாளில் சரி போட்டு, பேனாவை மூடினாள்.

"இப்போ பேசலாம்" என்றாள்.

நாத்தனார் கைக்குட்டையை வாயிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு, எழுந்து நேரே டாக்டரிடம் போனாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"கேளுடி" என்றாள் திரும்பி. "எண்ணெய் கொஞ்சம் ஆறிடுச்சு, இலை இன்னும் நல்லா பொரிஞ்சிருக்கணும். கண்ணாடியை முன்னாடியே சரி பண்ணிக்கணும்னு ஒரு வரி எழுத மாட்டியா நீ?"